வயல்வெளி போட்டோவை பிக்சல் ஆர்ட் பின்னணியாக மாற்றினால் பச்சை முழுக்கப் பொரிப்பொரியாக வருகிறது

வடவாறு_பையன்

ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறேன், கோடோ 4ல். ஒரு பையன் ஆற்றங்கரை ரோட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவான், பின்னால் வயல்வெளி நகரும், அவ்வளவுதான் விஷயம். பின்னணிக்கு மன்னார்குடி வரும் வழியில் நானே போனில் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. சம்பா பயிர் இடுப்பளவு நிற்கிறது, பின்னால் தென்னை வரிசை, கொஞ்சம் முன்னால் வரப்பில் இரண்டு பனை, தூரத்தில் ராஜகோபுரம், குறுக்கே ஈ.பி. கம்பி.

இதை 320x180க்கு சுருக்கி, கிம்ப்பில் `Image > Mode > Indexed` போட்டு 16 கலராகக் குறைத்தேன். பயிர் முழுக்க பொரிப்பொரியாகப் புள்ளி. கம்பி விட்டுவிட்டு வருகிறது. கோபுரம் உடைந்த செங்கல் மாதிரி நிற்கிறது. கலரை 64 ஆக்கினால் சுமாராக இருக்கிறது, ஆனால் அது பிக்சல் ஆர்ட் மாதிரி தெரியவில்லை, மட்டமான கேமராவில் எடுத்த படம் மாதிரிதான் தெரிகிறது.

இதே காட்சியை என் எக்ஸ் ப்ரொஃபைல் பேனராகவும் வைக்க வேண்டும். எந்த வரிசையில் செய்தால் சரியாக வரும்?

குடமுருட்டி

இதுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் தம்பி. சுருக்கும்போது `Interpolation: None` வை, அப்போதுதான் ஓரம் கூர்மையாக வரும். கலர் குறைக்கும்போது ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் டிதரிங் போடு. 16 கலரிலேயே 64 கலர் இருக்கிற மாதிரி காட்டும், பச்சை எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பெரிதாக்கும்போதும் அதே `None`.

இல்லையென்றால் பிக்சலே வேண்டாம், லோ-பாலி பண்ணு. போட்டோவைக் கொடுத்தால் முக்கோணமாக வெட்டித் தருகிற கருவி ஆன்லைனில் நிறைய கிடக்கிறது. பேனருக்கு அதுதான் அழகு.

கல்லணை_320

குடமுருட்டி அண்ணன் சொன்னதில் பெரிதாக்கும்போது `None` என்பது நூற்றுக்கு நூறு சரி. சுருக்கும்போதும் அதையே வைத்தால் இப்படித்தான் பொரி வரும்.

போனில் 16:9ல் எடுத்திருந்தால் படம் 4000x2250 இருக்கும். 320ல் நிறுத்தினால் புதுப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பழைய படத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சதுரத்தின் இடத்தில் வந்து உட்காருகிறது. `None` வைத்தால் அந்தச் சதுரத்தில் ஏதோ ஒரே ஒரு புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி நூற்று நாற்பதையும் தூக்கிப் போட்டுவிடும். நெற்பயிரில் ஒரு தாள் வெயிலில் மஞ்சளாக மின்னும், பக்கத்துத் தாள் நிழலில் கறுப்பாக இருக்கும். எது கையில் அகப்படும் என்பது அதிர்ஷ்டம். அதுதான் பொரி. கம்பியும் அப்படித்தான்: போட்டோவில் அது நான்கு புள்ளி தடிமன் என்றால் புதுப் படத்தில் மூன்றில் ஒரு புள்ளி, மூன்று இடத்தில் ஒரு இடத்தில் மாட்டும், மற்ற இடத்தில் மாட்டாது.

ஆகவே சுருக்கும்போது சராசரி எடுக்கிற முறைதான் வேண்டும். டிதரிங்கை மொத்தமாக அணைத்துவிடுங்கள். ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் ஒரு புள்ளியின் பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குத் தள்ளிக்கொண்டே போகும், அதனால் ஏற்கெனவே இரைச்சலாக இருக்கிற இடத்தில் இன்னும் இரைச்சல் சேரும். நான் இமேஜ்மேஜிக்கில் செய்வது இப்படி:

```
magick vayal.jpg -gravity center -crop 3840x2160+0+0 +repage -scale 320x180 base.png
magick base.png -dither None -remap palette.png idx.png
magick idx.png -scale 600% check.png
```

முதல் வரி ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிச் சரியாகப் பன்னிரண்டில் ஒன்றாகச் சராசரி எடுத்துச் சுருக்குகிறது. மூன்றாவது வரி பார்வைக்கு மட்டும்: 320x180ஐ ஆறு மடங்காக்கினால் சரியாக 1920x1080 வரும், நான்கு மடங்கு 1280x720. கேமுக்கு அந்த அளவை எடுப்பதே இதற்காகத்தான்.

ஆனால் ஒன்று, `idx.png` என்பது முடிந்த படம் இல்லை, அடிப்படம்தான். அதை ஏஸ்பிரைட்டிலோ லிப்ரெஸ்பிரைட்டிலோ கீழ் லேயராகப் போட்டுப் பூட்டிவிட்டு, மேலே கையால்தான் வரைய வேண்டும். போட்டோ உங்களுக்கு எது எங்கே இருக்கிறது, வானம் எத்தனை பங்கு, எந்தப் பச்சை எங்கே என்பதை மட்டும் சொல்லும். கோபுரத்தையும் பனையையும் எந்த ஃபில்டரும் வரைந்து தராது.

ஸ்ரீ_விநாயகா_கிராபிக்ஸ்

பேனருக்கு 320 எல்லாம் பத்தாது சார். 10க்கு 8 அடி என்றால் குறைந்தது 72 டிபிஐயில் ஃபைல் வேண்டும், சி.எம்.ஒய்.கே.வில் கொடுங்கள், பச்சை கொஞ்சம் மங்கும், முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளுங்கள். ஓரத்தில் துணி மடிக்க 2 இஞ்ச் விடவும். கும்பகோணம் என்றால் அன்றைக்கே அடித்துத் தருவோம்.

வடவாறு_பையன்

விநாயகா சார், நான் சொன்னது ஃப்ளெக்ஸ் பேனர் இல்லை, எக்ஸ் ப்ரொஃபைலில் மேலே வருகிற படம். ஆனாலும் நன்றி. கேம் வெளிவந்தால் பஸ் ஸ்டாண்டில் ஒன்று வைத்துவிடலாம் 😄

கல்லணை அண்ணா, பேலட்டை எப்படி எடுப்பது? படத்திலிருந்தே எடுத்தால் 16ல் 11 பச்சையாக வருகிறது. பேசாமல் பிகோ-8 பேலட்டைப் போட்டுவிடட்டுமா?

கல்லணை_320

பிகோ-8ல் பச்சை இரண்டுதான் தம்பி, ஒன்று இருட்டு, ஒன்று கண்ணைப் பறிக்கிற பளீர். நம் ஊர் வயலுக்கு இரண்டும் சரிப்படாது. டான்பிரிங்கரின் 32 கலர் பேலட்டோ எண்டெஸ்கா 32ஓ கொஞ்சம் பொருந்தும், இரண்டும் லோஸ்பெக் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் இந்தக் காட்சிக்கு நீங்களே 16 கலர் அமைத்துக்கொள்வது நல்லது.

11 பச்சை வருவதற்குக் காரணம், படத்தில் பாதி இடம் பச்சை. கருவி இடத்தைப் பார்த்துத்தான் கலர் ஒதுக்கும். கோபுரம் சின்ன இடம் என்பதால் அதற்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் மாற்றி ஒதுக்குங்கள்: வானத்துக்கு நான்கு, தூரத்து மரவரிசைக்கு இரண்டு, வயலுக்கு நான்கு, ரோட்டுக்கும் வரப்பு மண்ணுக்கும் மூன்று, கோபுரத்துக்கு இரண்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு இருட்டு.

அந்த நான்கு பச்சையும் ஒரே பச்சையின் வெளிச்சமும் இருட்டுமாக இருந்தால் செத்துப்போன மாதிரி இருக்கும். நிழல் நீலத்துப் பக்கம் சாய வேண்டும், வெயில் மஞ்சள் பக்கம். தோராயமாக `#1f4a45`, `#2f7a4a`, `#6fae3f`, `#b9d353`. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, போட்டோ காலையா மாலையா என்று பார்த்து மாற்றுங்கள்.

கலர் போட்டதும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நம் பக்கத்தில் மலை இல்லை, மேடு இல்லை, எல்லாமே ஒரே சமதளம். தூரம் என்பதை வெளிச்ச வித்தியாசம் ஒன்றுதான் காட்டும். கறுப்பு வெள்ளையில் தென்னை வரிசையும் அதன் காலடி வயலும் ஒரே சாம்பலாகிவிட்டால், கலரில் எவ்வளவு அழகாக இருந்தாலும் கேமில் ஓடும்போது ஒட்டிக்கொண்டு தெரியும். மரவரிசையை வானத்தின் நீலத்துப் பக்கம் வெளுக்க விடுங்கள், மார்கழிக் காலை பனியில் இருக்கிற மாதிரி.

வயலை நிரப்பும்போது ஒற்றைப் புள்ளி எங்கேயும் தனியாக நிற்கக் கூடாது. தூரத்து வயல் வெறும் தட்டைக் கலர், ஒன்றும் வேண்டாம். நடுவில் இரண்டு மூன்று புள்ளி நீளத்துக்குப் படுக்கைக் கோடு, அங்கங்கே. ரோட்டுக்குப் பக்கத்து வயலில் மட்டும் தாள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி சின்ன நெடுங்கோடு, மூன்று நான்கு சேர்ந்து ஒரு கொத்தாக. கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

வடவாறு_பையன்

வயல் இப்போது தேறிவிட்டது, வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கோபுரம்தான். அடிப்படத்தில் அதன் உயரம் 14 புள்ளி. 11 நிலை கோபுரம், எப்படி வரைவது? பெரிதாக்கிவிடலாமா?

கல்லணை_320

14 புள்ளியில் 11 நிலை வராது. ஒரு நிலைக்கு ஒரு வெளிச்ச வரி ஒரு இருட்டு வரி என்று வைத்தாலே 22 ஆகிவிட்டது. எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், நான்கு ஐந்து கோடு போதும், மேலே போகப் போக கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி குறைய வேண்டும், அகலமும் சுருங்க வேண்டும்.

அது கோபுரம் என்று பார்ப்பவருக்குத் தெரிவது உச்சியில்தான். ராஜகோபுரத்தின் உச்சி நீளவாக்கில் ஒரு கூரை மாதிரி படுத்திருக்கும், அதன்மேல் கலசம் வரிசையாக நிற்கும். அதனால் உச்சியில் ஐந்து புள்ளி அகலத்துக்கு ஒரு படுக்கைத் துண்டு, அதன்மேல் ஒன்றுவிட்டு ஒன்று மூன்று புள்ளி. இதை மட்டும் ஒழுங்காக வைத்தால் போதும். இதே இடத்தில் நீங்கள் முக்கோணமாகக் கூராக முடித்து ஒற்றைக் கலசம் வைத்தால் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் சாயல் வந்துவிடும், மன்னார்குடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பனைக்கும் தென்னைக்கும் இதே கதைதான். பனை என்றால் நேர் மரம், மேலே ஏழெட்டுப் புள்ளி அகலத்துக்கு உருண்டைத் தலை, ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வெட்டு. தென்னை என்றால் மரம் லேசாகச் சாய வேண்டும், மட்டை ஐந்தாறு மேலே எழுந்து வளைந்து தொங்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி போட்டால் கடற்கரை ரிசார்ட் போஸ்டர் ஆகிவிடும்.

பாவுநூல்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் கேம் ஆள் இல்லை, திருபுவனத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறேன், இந்த இழையைப் பார்த்ததும் எங்கள் வேலை மாதிரியே இருக்கிறதே என்று உட்கார்ந்து படித்தேன். ஜக்கார்டுக்கு நாங்களும் கட்டம் கட்டமாகத்தான் வரைகிறோம், முன்பு கிராஃப் தாளில், இப்போது கம்ப்யூட்டரில். ஒரு நெடுவரிசை ஒரு கொக்கி, ஒரு படுக்கை வரி ஒரு ஊடை.

எங்களுக்கு ஒரு தொல்லை உண்டு, கட்டம் சதுரமாக இருக்காது. ஒரு இஞ்சில் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்பது வேறு வேறு, அதனால் திரையில் வட்டமாக வரைந்த மயில் கண் துணியில் முட்டையாகிவிடும். அதற்கேற்ற கிராஃப் எடுக்க வேண்டும். உங்கள் கேமிலும் அப்படி உண்டா? அப்புறம் தனிப்புள்ளி கூடாது என்று அவர் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். ஆனால் எங்களுக்கு நீளமும் கூடாது, ஒரே கலர் ஜரிகை ரொம்ப தூரம் கட்டாமல் ஓடினால் விரலில் மாட்டி இழுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு புள்ளி வைத்துக் கட்டியாக வேண்டும்.

கல்லணை_320

அருமை. கேமில் இப்போது புள்ளி சதுரம்தான். அந்தக் காலத்து கன்ஸோல்களில் சதுரம் இல்லாதது உண்டு, டிவியில் படம் அகலமாக இழுபடும், அதற்கேற்ப வரைந்தார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை வேறு ரூபத்தில் வரும். முழு எண் மடங்கில் பெரிதாக்காவிட்டால் சில புள்ளி நான்கு அகலம், சில புள்ளி ஐந்து அகலம் என்று ஆகிவிடும்.

அதுதான் பேனர் விஷயம். தம்பி, எக்ஸ் ஹெடர் 1500x500. உங்கள் 320 அகலப் படத்தை 1500க்கு இழுத்தால் 4.69 மடங்கு, கெட்டது. அதற்குப் பதில் முடிந்த படத்திலிருந்து 300x100 வெட்டி ஐந்து மடங்காக்குங்கள், சரியாக உட்காரும்:

```
magick final.png -crop 300x100+10+40 +repage -scale 500% header.png
```

கீழே இடது மூலையில் ப்ரொஃபைல் படம் வந்து மறைக்கும், கோபுரம் வலது பக்கம் இருக்கும்படி வெட்டுங்கள். ஏற்றும்போது தளம் படத்தை மறுபடி அமுக்கும், போனில் சுருக்கியும் காட்டும். வானத்தில் சதுரங்கக் கட்டம் மாதிரி டிதரிங் வைத்திருந்தால் அங்கே சேறாகிவிடும், பேனருக்கு அதை எடுத்துவிட்டுப் பட்டை பட்டையாக விடுங்கள்.

குடமுருட்டி

சரி, சுருக்குகிற விஷயத்தில் கல்லணை சொன்னது பிடிபட்டது. ஆனால் இந்த இடத்தில்தான் லோ-பாலி ஜெயிக்கிறது என்கிறேன். முக்கோணத்தை எஸ்.வி.ஜி.யாக வைத்துக்கொண்டால் 1500க்கும் இழுக்கலாம், 3000க்கும் இழுக்கலாம், மடங்கு கணக்கே கிடையாது. தம்பி போட்டோ மாதிரி என்னிடமும் ஒன்று இருந்தது, அணைக்கரை பக்கம் எடுத்தது, கருவியில் போட்டேன். வானம்தான் கண்டபடி உடைகிறது, மற்றபடி நன்றாகவே இருக்கிறது.

கல்லணை_320

எஸ்.வி.ஜி. பாயிண்ட் நியாயமானது, பேனருக்கு மட்டும் என்றால் நானே லோ-பாலியைச் சொல்லலாம். வானம் உடைவதற்குக் காரணம், கருவி புள்ளிகளை எங்கெல்லாமோ தூவி டெலானே முறையில் முக்கோணம் கட்டுகிறது. வானத்தில் பிடித்து நிற்க ஒன்றும் இல்லாததால் அங்கே விழுந்த புள்ளிகள் அர்த்தமில்லாமல் உடைக்கின்றன. புள்ளிகளைக் கையால் வையுங்கள்: அடிவானக் கோடு நெடுக, கோபுரத்தின் இரண்டு விளிம்பு, வரப்பு. வானத்தில் நாலைந்து போதும். அடிவானத்தில் புள்ளி இல்லாமல் ஒரு முக்கோணம் வானத்திலும் வயலிலும் கால் வைத்து நின்றால், அதன் கலர் இரண்டும் கலந்த சாம்பல் பச்சையாக வரும். எங்கே தப்பு என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

தென்னை மட்டை முக்கோணத்தில் வராது, அதை விட்டுவிட வேண்டியதுதான். சமதள வயலுக்கு நாலு பெரிய பட்டையே போதும் என்பதால் நம் ஊர்க் காட்சி லோ-பாலியில் கொஞ்சம் வெறிச்சென்றும் இருக்கும்.

குடமுருட்டி

வெறிச் என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. எனக்குப் பிடித்திருக்கிறது.

நாற்றங்கால்

கேமில் பருவம் மாறுமா? பையன் வருஷம் முழுக்க ஒரே சம்பாப் பச்சையிலா சைக்கிள் ஓட்டுவான்?

வடவாறு_பையன்

அக்கா, அதற்கும் திட்டம் இருக்கிறது. இண்டெக்ஸ்டு படம் என்பதால் அந்த நான்கு பச்சையை மட்டும் மாற்றினால் போதும், வரைந்ததைத் தொட வேண்டாம். பச்சையெல்லாம் பொன்னிறமானால் அறுவடைக் காலம், இளம்பச்சையானால் குறுவை. சரிதானே?

நாற்றங்கால்

பாதிதான் சரி. பயிர் நின்று முற்றுகிற வரை கலர் மாற்றினால் போதும், ஒத்துக்கொள்கிறேன், தை மாசத்துக் கதிருக்கு நீ சொல்கிற பொன்னிறம் வந்துவிடும். ஆனால் ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, உழுது நடவு போடுகிற நேரத்தில் வயல் பச்சையே கிடையாது. மொத்தமும் தண்ணீர், வானம்தான் கீழே தெரியும். அதில் நாற்று வரிசை வரிசையாக மெலிசாக நிற்கும். அந்தப் படத்துக்கு உன் நெடுங்கோட்டுக் கொத்து சரிப்படாது, பயிர் தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடைதான் இருக்கும்.

அறுத்த பிறகும் அப்படித்தான். எல்லாரும் காய்ந்த மஞ்சள் தரை போடுவார்கள். எங்கள் பக்கம் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவோம், அறுத்ததும் தாளுக்கு நடுவில் பச்சை எட்டிப் பார்க்கும். மாசியில் வெறும் மஞ்சள் வயல் போட்டால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

கல்லணை_320

இது தங்கமான குறிப்பு. அப்படியென்றால் வயலுக்கு மூன்று படம்: நடவு, நின்ற பயிர், தாள். நின்ற பயிருக்குள் மட்டும் பேலட் மாற்றம். நடவுப் படத்தில் தண்ணீருக்கு வானத்தின் அதே நான்கு கலரையே பயன்படுத்துங்கள், தனிக் கலர் ஒதுக்க வேண்டாம். சாயங்காலத்துக்காக வானத்தின் கலரை மாற்றினால் தண்ணீரும் தானாகச் சிவக்கும்.

வடவாறு_பையன்

இப்போது ஓட விட்டுப் பார்த்தேன். வானம், மரம், வயல், ரோடு என்று நான்கு லேயர். நின்றால் நன்றாக இருக்கிறது, ஓடினால் வயல் ஒரு போர்டு மாதிரி மரத்துக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு போகிறது, தரை மாதிரியே இல்லை. வேகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

கல்லணை_320

வேகத்தைக் கண்ணால் தேட வேண்டாம், இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சமதளத்தில் பக்கவாட்டில் நகரும்போது, தரையில் ஒரு இடம் அடிவானத்துக்குக் கீழே எத்தனை புள்ளி இருக்கிறதோ அதற்கு நேர் விகிதத்தில்தான் அது திரையில் நகரும். உங்கள் படத்தில் அடிவானம் மேலிருந்து 70ல் இருக்கிறது, சைக்கிள் சக்கரம் தரையைத் தொடுவது 170ல் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 100. அந்த இடத்தின் வேகம் 1. அடிவானத்துக்கு 25 புள்ளி கீழே இருக்கிற வயலுக்கு 0.25. தென்னை வரிசையின் கால் 6 புள்ளி கீழே என்றால் 0.06. கோபுரத்தின் அடி 2 புள்ளி கீழே, 0.02, கிட்டத்தட்ட நகரவே நகராது, நிஜத்திலும் அப்படித்தானே, பஸ்ஸில் போகும்போது கோபுரம் கூடவே வரும். வரப்புப் பனைக்கும் அதன் தலையைப் பார்க்காதீர்கள், கால் எங்கே தரையைத் தொடுகிறது என்று பார்த்து வேகம் வையுங்கள்.

ஆகவே வயல் ஒரே லேயராக இருக்க முடியாது. அடிவானத்திலிருந்து கீழே வரவரத் தடிமன் கூடுகிற பட்டைகளாக வெட்டுங்கள், 2, 3, 5, 8, 13, 20, 31 என்று போனால் 82 வரை வந்துவிடும், மீதி ரோடும் கரையும். ஒவ்வொரு பட்டைக்கும் அதன் நடுக்கோட்டை வைத்து வேகம்: 31லிருந்து 51 வரையுள்ள பட்டைக்கு 0.41, அடுத்ததற்கு 0.66. முதல் மூன்று பட்டை அவ்வளவு மெலிசு, அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கினாலும் தெரியாது.

பட்டை சேருகிற இடத்தில் ஒன்று மற்றொன்றை உரசிக்கொண்டு போவது தெரியும். அங்கே ரோட்டுக்கு இணையாக ஒரு வரப்பு போட்டு, மேலே ஒன்றிரண்டு புள்ளி உயரத்துக்குப் புல் வையுங்கள், மறைந்துவிடும். ரோட்டிலிருந்து அடிவானத்தை நோக்கிப் போகிற குறுக்கு வரப்பைப் பல பட்டை தாண்டி வரையவே வரையாதீர்கள். ஓடும்போது படிக்கட்டு மாதிரி ஒடிந்துகொண்டே போகும்.

கோடோ 4.3க்கு மேல் என்றால் `Parallax2D` நோடில் `scroll_scale`ல் இந்த எண்ணை x இடத்தில் போடுங்கள். ப்ராஜெக்ட் செட்டிங்கில் `Default Texture Filter` `Nearest` ஆகவும், `Stretch` கீழே `Mode` `viewport`, `Scale Mode` `integer` ஆகவும் இருக்கட்டும்.

வடவாறு_பையன்

போட்டுப் பார்த்தேன், தரை தரையாகவே இருக்கிறது! ஆனால் பக்கத்து வயலில் ஒரே புல்கொத்து திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படுகிறது.

கல்லணை_320

வரும். 320 அகலப் படம் 0.02 வேகத்தில் ஓடினால் சைக்கிள் 16000 புள்ளி போன பிறகுதான் திரும்ப வரும், 0.66ல் ஓடினால் 485 புள்ளியிலேயே வந்துவிடும். எல்லாரும் தூரத்து லேயரை அகலமாக வரைவார்கள், தேவை நேர் எதிர். பக்கத்துப் பட்டைகளை 700, 900 என்று அகலமாக வரையுங்கள். கண்ணில் நிற்கிற சாமான், மோட்டார் கொட்டகை, கொக்கு மாதிரி, அவற்றைப் பட்டையில் வரையாமல் தனி ஸ்பிரைட்டாக வையுங்கள்.

நாற்றங்கால்

ஈ.பி. கம்பி என்ன ஆயிற்று?

வடவாறு_பையன்

எடுத்துவிட்டேன் அக்கா. ஒரு புள்ளிக்குக் குறைவான தடிமனை எப்படியும் காட்ட முடியாது என்றுதானே.

நாற்றங்கால்

போஸ்ட்டும் கம்பியும் இல்லாத வயல் நம் ஊரே இல்லை. அதில் கரிச்சான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கல்லணை_320

வைக்கலாம், ஆனால் ஒரு புள்ளிக் கோடாகக் கையால் வரைய வேண்டும். கறுப்பில் போட்டால் கயிறு மாதிரி தடிமனாகத் தெரியும், வானத்தின் இருண்ட நீலத்தை எடுங்கள், மெலிசாகத் தெரியும். போஸ்ட்டிலிருந்து தொய்வின் நடு வரை படுக்கைத் துண்டுகளின் நீளம் 4, 6, 9, 12 என்று ஒழுங்காகக் கூடி மறுபடி குறைய வேண்டும், 9க்கு அப்புறம் 4, அப்புறம் 7 என்று போனால் கம்பி நெளிந்து தெரியும். நானாக இருந்தால் வைக்க மாட்டேன், முன்னால் ஓடுகிற சைக்கிளோடு சண்டை போடும்.

குடமுருட்டி

லோ-பாலியில் கம்பியை ஒரு கோடாக இழுத்துவிட்டால் முடிந்தது 😏

வடவாறு_பையன்

இரண்டு மாதிரியும் செய்து இங்கே போடுகிறேன், கம்பியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. கம்பி எந்த வேகத்தில் ஓட வேண்டும், போஸ்ட்டின் கால் எந்த வரப்பில் இருக்கிறதோ அந்த வேகமா? அப்படியென்றால் ரோட்டோரப் போஸ்ட் சைக்கிளுக்கு முன்னால் வந்து மறைக்குமே?

கல்லணை_320

ஆமாம், கால் இருக்கிற வரப்பின் வேகம்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வரப்பில் நடுங்கள், மறைக்காது.